நடுவில் தடித்து, ஓரத்தில் சல்லடையாகும் கிரேப்

கேள்வி: தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டுவதற்காக கிரேப் சுட்டுப் பார்க்கிறேன். ஒரு கப் மைதா, ஒரு முட்டை, ஒரு கப் பால். 24 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் தவா. நடுவில் ஊற்றி ஆப்பச்சட்டி போலச் சுழற்றினால் நடு தடிமனாகவும் ஓரம் சல்லடையாகவும் வருகிறது. சுருட்டும்போது கிழிகிறது. மாவை இன்னும் நீர்க்க வைக்க வேண்டுமா, தீயைக் கூட்ட வேண்டுமா? நான் மார்த்தாண்டத்தில் இருக்கிறேன்.

“ஆப்பச்சட்டி போல” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கோளாறில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆப்பச்சட்டி குழிந்தது. நடுவில் ஊற்றிய மாவை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வைத்தால், பக்கத்தில் ஒட்டியது மொறுமொறுப்பான ஓரமாகிறது, ஒட்டாதது குழியில் வழிந்து பஞ்சு போன்ற நடுவாகிறது. ஆப்பத்துக்கு அது அழகு. தவாவோ தட்டையானது. நடுவில் ஊற்றிய மாவின் அடிப்பகுதி விழுந்த நொடியிலேயே வேகத் தொடங்குகிறது. நீங்கள் தவாவைத் தூக்கிச் சாய்க்கும்போது அடியில் பிடித்தது அங்கேயே நின்றுவிடுகிறது, மேலே மிதக்கும் கொஞ்சம்தான் ஓரத்துக்கு ஓடுகிறது. அந்தக் கொஞ்சம் மாவு சூடான தகட்டில் மெல்லிய நீராகப் பரவி, கொப்புளம் கொப்புளமாக வெடித்துச் சல்லடையாகிறது. ஆகவே நடு தடிப்பதும் ஓரம் ஓட்டை விழுவதும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள். இப்போதைய மாவை வைத்துக்கொண்டு தீயைக் கூட்டினால் இரண்டுமே மோசமாகும்.

நான் வளைகுடாவில் ஒரு ஹோட்டலின் காலைச் சிற்றுண்டிப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் நின்றவன். இப்போது நாகர்கோவிலில் சிறிய அளவில் விருந்துச் சமையல் எடுத்துச் செய்கிறேன். அந்த ஹோட்டலில் எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் முதல் இரண்டு நாள் அடுப்பையே பற்ற வைக்கவிடவில்லை. குளிர்ந்த தவாவில் ஒரு கரண்டி மாவை ஊற்றச் சொல்வார், சுழற்றச் சொல்வார், திரும்பப் பாத்திரத்தில் கவிழ்க்கச் சொல்வார். குளிர்ந்த தவாவில் மாவு உறையாது என்பதால் கை எவ்வளவு வேகத்தில் சுற்றினால் மாவு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று எரிச்சலாக இருந்தது. இன்று யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் அங்கிருந்துதான் நானும் தொடங்குகிறேன். கேஸ் அடுப்பும், ஒரு கையால் தூக்கக்கூடிய இலேசான தவாவும்தான் எனக்குப் பழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பில் தவாவைத் தூக்கியதும் சூடு நின்றுவிடும், அதன் கணக்கே வேறு.

கிரேப்பில் மாவின் நீர்மை, தீ, சுழற்சி என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். மாவு உறைவதற்குள் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் இருக்கிறது. மைதாவில் உள்ள மாவுச்சத்து 60 டிகிரிக்கு அருகிலேயே நீரைக் குடித்துப் பருக்கத் தொடங்குகிறது. முட்டையும் அதே எல்லையில்தான் கட்டியாகத் தொடங்குகிறது. கொதிநிலைக்கு வெகு கீழேயே மாவு நகர மறுத்துவிடும் என்று பொருள். தவாவோ 170, 180 டிகிரியில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மாவுக்கு அந்தச் சூட்டில் ஓடுவதற்குக் கிடைப்பது நாலைந்து நொடி. அதற்குள் தவா முழுவதையும் மூட வேண்டும். மாவு நீர்த்திருந்தால் அதே நொடிகளில் தூரமாக ஓடும். தீ குறைந்தால் நொடிகள் கூடும். கை முந்திக்கொண்டால் இருக்கிற நொடி வீணாகாது.

முதலில் மாவு. உங்கள் கப் 240 மில்லி பிடிக்கும் அளவுக் கப் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் மைதா ஏறத்தாழ 125 கிராம் இருக்கும். அதற்கு 240 மில்லி பாலும் ஒரு முட்டையும் போட்டால் தடித்த ஊத்தப்ப மாவாக இராது, ஆனால் கிரேப்புக்கும் போதாது. நான் வைக்கும் அளவு 100 கிராம் மைதாவுக்கு இரண்டு முட்டை, 250 மில்லி பால், உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உங்கள் 125 கிராமுக்கு மாற்றினால் இரண்டு பெரிய முட்டையும், பாலும் தண்ணீருமாக 320 மில்லியும் வரும். இப்போது ஊற்றுவதைவிட ஒரு முட்டையும் கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலான நீரும் வேண்டும். நீரை மட்டும் கூட்டி முட்டையைக் கூட்டாமல் விட்டால் மாவு அழகாக ஓடும், ஆனால் எடுக்கும்போது கிழியும். மெல்லிய கிரேப்பைச் சேர்த்துப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு முட்டைக்கு. சுருட்டும்போது கிழிகிறது என்றீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதம் எப்படித் தெரியும்? நம் ஊரில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது. தேங்காயைத் துருவி அரைத்து எடுக்கும் முதற்பால், பிழிந்த உடனே எப்படி இருக்குமோ அப்படி. கரண்டியிலிருந்து விட்டால் அறுபடாமல் மெல்லிய நூலாக இறங்க வேண்டும், விழுந்த இடத்தில் கோடோ மடிப்போ நிற்காமல் அந்தக் கணமே மறைய வேண்டும். மடிப்பு ஒரு நொடி நின்று மறைந்தால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி நீர் வேண்டும். கரண்டியின் முதுகில் வெறும் ஈரம் மட்டும் இருந்து வெண்மை படியவில்லை என்றால் நீர் கூடிவிட்டது.

கரைக்கும்போது பால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். மைதாவில் முட்டையையும் கால் பங்கு பாலையும் விட்டுக் கெட்டியாக அடித்துக்கொண்டால் கட்டிகள் நசுங்கிவிடும். அதன் பிறகு மீதியை ஊற்றி நீர்க்க வைக்கலாம். மிக்ஸியில் அடிப்பவர்கள் உண்டு, அதில் நுரை நிறைய ஏறும். அடித்த உடனே சுட்டால் அந்த நுரைதான் ஓட்டையாகும். எப்படிக் கரைத்தாலும் அரை மணி நேரமாவது மூடி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் குமிழி மேலே வந்து உடைகிறது, மைதா நீரைக் குடித்து மாவு சற்றே தடிக்கிறது. இவை இரண்டும் கண்ணால் பார்க்கக்கூடியவை, சந்தேகம் இல்லை. மைதாவின் இழுவைத் தன்மை தளர்வதற்காகத்தான் ஊற வைக்கிறோம் என்றும் சொல்வார்கள். இவ்வளவு நீர்த்த மாவில் அதற்கு அவ்வளவு பங்கு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். எதுவானாலும் பதத்தை ஊறிய பிறகு பாருங்கள். கரைத்தவுடன் சரியாக இருந்த மாவு அரை மணியில் கனத்திருக்கும், ஒன்றிரண்டு மேசைக்கரண்டி நீர் கேட்கும்.

அடுத்தது எவ்வளவு ஊற்றுவது. 24 சென்டிமீட்டர் தவா என்றால் விளிம்போடு சேர்த்து 24. தட்டையான அடிப்பாகம் பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதில் 31 மில்லி மாவு சீராகப் பரவினால் கனம் ஒரு மில்லிமீட்டர். 60 மில்லி ஊற்றினால் இரண்டு மில்லிமீட்டர், அது கிரேப் இல்லை, மைதாத் தோசை. வீட்டுக் குழிக்கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு பிடிக்கும், பலவற்றில் 60 மில்லிக்கும் மேல். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியால் உங்கள் கரண்டியில் எவ்வளவு தண்ணீர் கொள்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் 35 மில்லி ஊற்றுவேன். ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுக் கூடுதல், வேகும்போது நீர் ஆவியாகி இன்னும் மெலியும். நான் சொன்ன 100 கிராம் மைதா மாவில் பன்னிரண்டு, பதின்மூன்று கிரேப் வரும். எட்டுதான் வந்தது என்றால் தடிமனாகச் சுட்டிருக்கிறீர்கள்.

தீயைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் தண்ணீர்த் துளி தெளித்துப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் நான்ஸ்டிக்கில் ஒரு குழப்பம் உண்டு. அந்தப் பூச்சில் தண்ணீர் ஒட்டாது என்பதால் குளிர்ந்த தவாவிலேயே துளி உருண்டையாகத்தான் நிற்கும். உருண்டையைப் பார்த்துச் சூடேறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. துளி நின்ற இடத்தில் சத்தத்தோடு கொதித்து இரண்டு நொடியில் காய்ந்தால் சூடு சரி. அப்படியே கிடந்து மெல்ல மெல்லக் காய்ந்தால் போதவில்லை. சத்தமே இல்லாமல் பளிங்குக் குண்டு போல வழுக்கிக்கொண்டு நெடுநேரம் ஓடினால், துளிக்கு அடியில் நீராவி மெத்தை விழுந்துவிட்டது, தவா 200 டிகிரியை எட்டியோ தாண்டியோ இருக்கிறது. அந்தச் சூட்டில் மாவுக்கும் கிட்டத்தட்ட அதுவேதான் நடக்கிறது. விழுந்த கணத்தில் ஆவி பீறிட்டு மாவைத் தூக்கிவிடுகிறது, ஓட்டை விழுகிறது. வெறும் நான்ஸ்டிக் தவாவை அவ்வளவு காய விடுவது பூச்சுக்கும் நல்லதல்ல. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்து ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் கல்லை மிகையாகக் காய வைத்துப் பிறகு ஆற்றுகிறார்கள். கனத்த கல்லுக்கு அது சரிப்படும். மெல்லிய தவாவில் நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து மெதுவாகக் காய வைப்பதே நல்லது.

மாவை ஊற்றும்போது எழும் சத்தத்தை நான் துளிச் சோதனையைவிட அதிகம் நம்புகிறேன். உள்ளே இழுத்துக்கொள்வது போல மெல்லிய “ஸ்ஸ்” என்று வந்தால் சரி. மீன் பொரிப்பது போலச் சத்தம் வந்தால் தவாவைத் தூக்கிப் பத்து நொடி காற்றில் பிடியுங்கள். சத்தமே இல்லை என்றால் சுழற்ற வசதியாகத்தான் இருக்கும், மாவு அழகாக ஓடும், ஆனால் கிரேப் வெளிறி, தோல் போல இழுக்கும். முதல் கிரேப் பெரும்பாலும் கெட்டுப் போவதற்கும் இதுவே காரணம். சூடும் எண்ணெயும் அப்போதுதான் சமன்படுகின்றன. அதைத் தின்றுவிட்டு இரண்டாவதிலிருந்து கணக்குப் பாருங்கள்.

சுழற்றுவதை இப்படிச் செய்யுங்கள். வலது கையில் கரண்டி, இடது கையில் தவாவின் பிடி. ஊற்றுவதற்கு முன்பே தவாவைத் தீயிலிருந்து தூக்கிவிட வேண்டும். ஊற்றிவிட்டுத் தூக்குவதில் இரண்டு நொடி போகிறது, உங்களிடம் இருப்பதே நாலைந்துதான். தவாவை உங்களை நோக்கி ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப் பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே மாவை ஊற்றத் தொடங்குங்கள், ஒரே இடத்தில் கொட்டாமல் கரண்டியை நகர்த்தியபடி ஊற்றுங்கள். மாவு பள்ளத்தை நோக்கி ஓடும்போதே மணிக்கட்டைத் திருப்புங்கள். பள்ளம் விளிம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் நகர வேண்டும், மாவின் முகப்பு அதைத் துரத்திக்கொண்டே வரும். ஓரம் முழுவதும் மூடிய பிறகு கடைசியாக மிஞ்சும் மாவை நடுவுக்கு ஓட விடுங்கள். ஆப்பத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறோம், இங்கே ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறோம். முதலில் மாவு விழும் இடம்தான் எப்போதும் அதிகமாகப் பிடிக்கும், அந்த இடத்தை நீட்டிப் பரப்பிவிட்டால் எங்கும் மேடு விழாது. மாவு ஓடுவது நின்ற பிறகு சுழற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சிறு ஓட்டை தெரிந்தால் கரண்டி நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு போதும்.

இது கைக்கு வரும் வரை இன்னொரு வழி உண்டு. தேவையைவிட அதிகமாக, ஒரு முழுக் கரண்டி ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, உறையாததை உடனே மாவுப் பாத்திரத்தில் கவிழ்த்துவிடுவது. தவாவில் பிடித்தது மட்டும் கிரேப் ஆகும். சீராக வரும், கவிழ்த்த பக்கத்தில் ஒரு நாக்கு மட்டும் நீண்டிருக்கும், அதை வெட்டிவிடலாம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளந்து ஊற்றும்போது கனத்தைக் கரண்டி முடிவு செய்கிறது, கவிழ்க்கும்போது சூடுதான் முடிவு செய்கிறது. தவா எவ்வளவு சூடோ அவ்வளவு தடிமனாகப் பிடிக்கும். கிரேப் தடிமனாக வருகிறதென்று இதில் தீயைக் கூட்டினால் இன்னும் தடிக்கும், குறைக்க வேண்டும். பலர் இங்கேதான் தடம் மாறுகிறார்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை, ஒரு துணி முடிச்சைத் தேங்காய் எண்ணெயிலோ வெண்ணெயிலோ தொட்டுத் துடைத்தால் போதும், பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். எண்ணெய் தேங்கினால் மாவு தகட்டைப் பிடிக்காமல் வழுக்கி ஒரு பக்கமாகத் திரளும். மாவில் சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சிலர் நிறத்துக்காகக் கருப்பட்டிப் பாகைக் கரைத்து ஊற்றுகிறார்கள். வேகும் முன்பே கருகிப் பிடித்துக்கொள்ளும். கருப்பட்டியை உள்ளே வைக்கும் தேங்காயோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஈரம் வற்றக் கிளறி ஆற வைத்த பிறகு. ஈரப் பூரணம் கிரேப்பை ஊற வைத்துக் கிழிக்கும்.

வீட்டில் பெரிய தோசைக்கல் இருக்கிறதே என்று அதில் முயன்றால் சுழற்ற வராது, அவ்வளவு கனத்தைத் தூக்கிச் சாய்ப்பதற்குள் மாவு உறைந்துவிடும். கிரேப்பின் தாய்வீடான பிரான்சின் பிரித்தானி பகுதியிலும் பிலிக் என்ற கனத்த வட்ட இரும்புக் கல்லை யாரும் சுழற்றுவதில்லை. ரோசெல் என்ற, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவ மரக்கட்டையால் மாவை வட்டமாக இழுத்துப் பரப்புகிறார்கள். கனத்த கல்லில் பரப்ப வேண்டும், இலேசான தவாவில் சுழற்ற வேண்டும்.

ஒருமுறை ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியில் மைனி வீட்டில் சுட்டுக் கொடுத்தேன். காற்றாடிகள் நிற்கும் ஊர், அந்த மாதத்தில் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாவு சரி, அளவு சரி, கையும் பழகிய கை, இருந்தும் ஒவ்வொரு கிரேப்பிலும் ஒரு பக்கம் தடித்து நின்றது, எப்போதும் அதே பக்கம். மாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், இரண்டு முறை நீர் கூட்டினேன், பயனில்லை. மைனிதான் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, தீ முழுக்கச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடப்பதைக் காட்டினார். தவாவின் அந்தப் பாதி மட்டும் காய்ந்து, மாவு அங்கே வந்ததும் உறைந்துகொண்டிருந்தது. சன்னலைச் சாத்தியதும் சரியாயிற்று. ஆனால் நான் கூட்டிய நீரால் மீதி மாவு முழுக்கக் கிழிந்தது. உங்கள் வீட்டிலும் எப்போதும் ஒரே பக்கம் தடித்தால், தவாவை அரை வட்டம் திருப்பி வைத்து இன்னொன்று சுடுங்கள். தடிமன் தவாவோடு சேர்ந்து திரும்பினால் தவா வளைந்திருக்கிறது. திரும்பாமல் அடுப்பின் அதே பக்கத்தில் நின்றால் தீயைப் பாருங்கள்.

வெந்ததற்கு அடையாளம், மேலே இருக்கும் ஈர மினுமினுப்பு மங்கி ஓரம் தானாகத் தவாவை விட்டு எழும்புவது. நடுத்தரத் தீயில் முக்கால் நிமிடம் ஆகும். ஓரத்தைக் கத்தி முனையால் தளர்த்தி, இரண்டு கை விரல்களாலும் பிடித்துப் புரட்டுங்கள். மறுபக்கத்துக்குக் கால் நிமிடம் தாராளம். இந்தப் பக்கம் புள்ளி புள்ளியாகத்தான் சிவக்கும், அதை உள்ளே வைத்துச் சுருட்டிவிடலாம். சுட்டதை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடி வையுங்கள். காய்ந்த ஓரம் ஆவியில் துவண்டு, சுருட்டினால் வெடிக்காது. தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஆற விட்டால் அப்பளம் போல ஓரம் விறைத்துவிடும்.

அடுத்த முறை சுடும்போது இரண்டாவது கிரேப்பைத் தின்னாமல் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். கனம் குறைந்த இடமெல்லாம் வெளிச்சம் ஊடுருவி வெண்ணெய் நிறத்தில் தெரியும், தடித்த இடம் மங்கலாக நிற்கும். அந்த மங்கல் வட்டமாக நடுவில் இருந்தால் கை இன்னும் ஆப்பத்தையே சுடுகிறது. பிறைபோல ஓரத்தில் இருந்தால், ஊற்றும்போது கரண்டி அங்கே ஒரு நொடி நின்றிருக்கிறது.